வைகாசி முகூர்த்தத்துக்கு ஒரு கோட் சூட்: துணியும் லைனிங்கும்

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் பார்க்கிற கல்யாணங்கள் வைகாசியிலும் ஆனியிலும் குவிகின்றன. வைகாசி என்றால் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. அக்னி நட்சத்திரத்தின் பின்பாதி அதற்குள் வந்துவிடும். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்யாண மண்டபங்களில் அந்த நாட்களில் மாலை வரவேற்புக்கு மாப்பிள்ளை கோட் சூட்டில் நிற்கிறார். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துத் தேவாலயத் திருமணங்களிலோ பிற்பகலிலேயே சூட் போட்டாக வேண்டும். இந்த அத்தியாயம் அப்படி ஒரு சூட்டைத் தைக்கக் கொடுக்கப் போகிறவருக்கும், அவரோடு கடைக்குப் போகும் அண்ணனுக்கோ மாமாவுக்கோ எழுதப்பட்டது.

முதலில் நம் ஊர் வெயிலைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தாம்பரம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மதியம் கிளம்பும் கடற்காற்று திருவான்மியூரைத் தொட்ட பிறகுதான் இங்கே வந்து சேரும். கோடையில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் வெப்பம் கூடுதலாகப் பதிவாவது வழக்கமான செய்தி. ஆனால் வரவேற்பு நடப்பது மதியத்தில் அல்ல, மாலை ஆறரைக்கு மேல். அப்போது கடற்காற்று வந்து வெப்பத்தைச் சில டிகிரி குறைத்திருக்கும், கூடவே ஈரத்தையும் கொண்டுவந்திருக்கும். வெப்பம் குறைந்தும் சட்டை முதுகில் ஒட்டுவது அதனால்தான். வியர்வை வருவது பிரச்சினையில்லை, அது காயாமல் நிற்பதுதான் பிரச்சினை. மண்டபத்தில் ஏ.சி. இருந்தாலும் கதவு திறந்தே கிடக்கும், முந்நூறு பேர் உள்ளே இருப்பார்கள், மேடையில் வீடியோக்காரரின் விளக்கு நேராக அடிக்கும். மூன்று மணி நேரம் அங்கே நின்றபடி கைகுலுக்க வேண்டும்.

ஆகவே நம் ஊருக்கான கோட்டிடம் கேட்க வேண்டியது ஒன்றே: உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியேறி வெளிக்காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். மெல்லிய துணி என்பதும் விலை உயர்ந்த துணி என்பதும் இதற்குப் பிறகுதான்.

துணி

சூட் துணி வாங்கும்போது நம்மவர்கள் பெரும்பாலும் தொட்டுப் பார்த்து, "மெல்லிசா இருக்கு, இதையே கொடுங்க" என்கிறார்கள். மெல்லிசாக இருப்பதெல்லாம் குளிர்ச்சியாக இருக்காது. மிக நைசான நூலை நெருக்கி ட்வில் நெசவில், அதாவது மேற்புறத்தில் சாய்கோடு ஓடும்படி நெய்த துணி, எடை குறைவாக இருந்தும் காற்றை விடாது. அதைவிடக் கொஞ்சம் எடை கூடிய, ஆனால் நன்கு முறுக்கேற்றிய நூலில் ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னிய சாதா நெசவுத் துணி குளிர்ச்சியாக இருக்கும். முறுக்கு ஏற ஏற நூல் ஒடுங்கி உருண்டையாகும், அதன் மேல் பஞ்சு எழும்பாது. அப்படிப்பட்ட பாவுக்கும் ஊடைக்கும் நடுவே சின்னச்சின்ன ஓட்டைகள் அடைபடாமல் நிற்கும். காற்று போய்வருவது அந்த ஓட்டைகள் வழியாகத்தான்.

வெயில் நாட்டுச் சூட் துணி என்று உலகம் இன்று சொல்வதன் இலக்கணம் இதுவே. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து மார்ட்டின் சன்ஸ் நிறுவனம் 1907-இல் பதிவு செய்த ஃப்ரெஸ்கோ என்ற துணி இந்த வகைக்குப் பெயர்போனது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கேற்றிய கம்பளி நூல், சாதா நெசவு, கையில் எடுத்தால் கொஞ்சம் மொரமொரப்பு. அந்தப் பெயரில் தாம்பரத்தில் துணி கிடைக்கும் என்று தேட வேண்டாம். ஆனால் அதே கட்டமைப்பில் இந்திய ஆலைகளும் நெய்கின்றன. கடையில் "ட்ராபிக்கல்" என்றோ "ஹை ட்விஸ்ட்" என்றோ கேளுங்கள். சண்முகம் சாலைக் கடைகளில் பெட்டியில் அடைத்த சூட் லெங்த்தோடு பேச்சு முடிந்துவிட்டால், ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவுக்குப் போவது வீண்போகாது. அங்கே துணியைத் தானிலிருந்து பிரித்து வைத்துப் பார்க்க விடுவார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த துணியைப் பிரிக்காமல் வாங்கவே கூடாது.

எந்த இழை என்ற கேள்விக்கு, கம்பளி என்பதே என் பதில். கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஸ்வெட்டரின் கம்பளி வேறு, இது வேறு. சூட்டுக்கான வொர்ஸ்டட் கம்பளியில் நீண்ட மயிரிழைகளைச் சீவி இணையாக்கிய பிறகே நூற்கிறார்கள், அதனால் துணி வழவழப்பாக இருக்கும். கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீத ஈரத்தைச் சாதாரணமாகவே உள்வாங்கி வைத்திருக்கும். அதற்கு இரு மடங்கு வரை இழுத்த பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பருத்திக்கு இது எட்டரை சதவீதம். பாலியெஸ்டருக்கு அரை சதவீதம்கூட இல்லை. பாலியெஸ்டர் கோட்டுக்குள் வியர்வை நீராகவே நிற்பதற்குக் காரணம் இதுதான். கம்பளிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: உட்கார்ந்து எழுந்த மடிப்பு தானாக நிமிரும்.

சுத்தக் கம்பளிக்குப் பணம் போதாதவர்கள் டெர்ரிவுல் வாங்கலாம். பாலியெஸ்டர் 55, கம்பளி 45 என்பது வழக்கமான கலப்பு. சாதா நெசவாக இருந்தால் இது தாராளமாகப் போதும். பாலியெஸ்டர்-விஸ்கோஸ் கலப்புதான் பெட்டிச் சூட் லெங்த்துகளில் அதிகம் வருவது. விலை குறைவு, கசங்காது, பளபளப்பு இருக்கும், ஆனால் பெரும்பாலும் ட்வில் நெசவு, நெருக்கமானது. வேறு வழியில்லையென்றால் அதிலேயே சாதா நெசவுத் துணியாகப் பார்த்து எடுத்து, மிச்சப் பணத்தை லைனிங்கில் போடுங்கள். லினன் பகல் நிகழ்ச்சிக்கு அருமையானது, நிச்சயதார்த்தத்துக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் காரில் உட்கார்ந்து இறங்கியதும் முழங்கைக்கும் இடுப்புக்கும் பின்னால் விழும் கசங்கல் வரவேற்பு ஆல்பத்தில் அப்படியே பதியும். அது உறுத்தாது என்பவர்கள் மட்டும் எடுக்கட்டும். பருத்தி ட்ரில்லில் வெள்ளைச் சூட் தைத்துப் போட்ட காலம் ஒன்று மதராஸில் இருந்தது. சலவைக்காரர் கையில் தினமும் வெளுக்கக் கொடுக்க முடிந்தவர்களுக்கு அது சரிப்பட்டது.

எடையைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சூட் துணியின் எடையைச் சிலர் சதுர மீட்டருக்குச் சொல்வார்கள், சிலர் ஓடும் மீட்டருக்கு. துணியின் அகலம் சுமார் 150 சென்டிமீட்டர் என்பதால் ஓடும் மீட்டர் எடை சதுர மீட்டர் எடையைப் போல ஒன்றரை மடங்கு. வெளிநாட்டுத் துணியில் 8 அவுன்ஸ் என்று இருந்தால், ஓடும் மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது ஓடும் மீட்டருக்கு 240 முதல் 280 கிராம். 220-க்குக் கீழே இறங்க வேண்டாம். அவ்வளவு லேசான துணியில் பேன்ட் முழங்காலில் பை விழும், மடிப்பு நிற்காது, குனிந்தால் உட்காருமிடத் தையலில் நூல் விலகும். 300-ஐத் தாண்டினால் அது டெல்லிக் குளிருக்கானது.

இந்த எடை துணியின் ஓரத்தில் எப்போதும் அச்சாகியிருக்காது, கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தராசு எல்லாத் தெருவிலும் இருக்கிறது. இரண்டு உருப்படிச் சூட்டுக்கு மூன்றேகால் மீட்டர் வேண்டும். அந்தத் துண்டை நிறுத்தால் 780 முதல் 910 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் அது நம் வைகாசிக்குத் தோதான துணி அல்ல. வெட்டுவதற்கு முன்பே ஒரு மீட்டர் மடிப்பைத் தராசில் வைத்துக் கணக்குப் போடலாம் என்றாலும், தான் முழுவதையும் நிறுத்து, அதில் எத்தனை மீட்டர் என்று கேட்டு வகுப்பதே சரியாக வரும்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. ஒற்றை மடிப்புத் துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மறுபுறம் வைத்த கையில் காற்று படவேண்டும். ட்வில் துணியை அடுத்து ஊதிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். அடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புள்ளி புள்ளியாக ஒளி ஒரே சீராகத் தெரிந்தால் நல்லது. திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நெசவு சீரில்லை. கடைசியாக ஒரு மூலையை உள்ளங்கையில் இறுகப் பிடித்துப் பத்து எண்ணி விடுங்கள். முறுக்கேறிய கம்பளி சில நொடியில் விரிந்து நிமிரும். கம்பளிதானா என்ற சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நான்கு நூல் உருவிக் கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். முடி தீய்ந்த வாடையும் விரலில் பொடியாகும் கரியும் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். இரண்டும் சேர்ந்தே தெரிந்தால் கலப்பு.

கடைக்காரர்கள் "சூப்பர் 120", "சூப்பர் 150" என்று எண் சொல்லி விலை ஏற்றுவார்கள். அந்த எண் மயிரிழையின் மென்மையைச் சொல்கிறது, குளிர்ச்சியைச் சொல்வதில்லை. சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் அதிகபட்சம் 18.75 மைக்ரான், 120 என்றால் 17.75. எண் ஏற ஏற இழை மெலிகிறது, துணி சீக்கிரம் கசங்கி சீக்கிரம் தேய்கிறது. வியர்வையும் தேய்ப்பும் அதிகமுள்ள நம் ஊருக்கு 100-ஐ ஒட்டியதே போதும்.

லைனிங்

இனி சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். நல்ல துணி எடுத்து, நல்ல தையல்காரரிடம் கொடுத்து, அப்படியும் கோட்டுக்குள் வெந்துபோனவர்களின் கோட்டைப் புரட்டிப் பாருங்கள். கழுத்திலிருந்து அடிவரை பளபளவென்று பாலியெஸ்டர் சாட்டின் லைனிங் இருக்கும். காற்றை விடும் துணியாகப் பார்த்து எடுத்து, அதன் உட்புறம் முழுவதும் காற்றை விடாத ஒரு படலத்தை ஒட்டிவிட்டால் எடுத்த துணிக்கு என்ன பயன்? லைனிங்கின் எடை அற்பம், முதுகு லைனிங்கை எடுத்தால் சில பத்து கிராம்தான் குறையும். எடைக்காக அதை எடுக்கச் சொல்லவில்லை. முதுகில் இருக்கும் அந்த அடைப்பு போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

லைனிங் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தால் எங்கே விட்டுவிடலாம் என்பதும் தெரியும். முன்பக்கத்தில் பாக்கெட் பைகளையும் கேன்வாஸையும் மறைக்கிறது, அங்கே வேண்டும். கைக்குள் சட்டைக் கை சிக்காமல் வழுக்கிப் போக உதவுகிறது, அங்கேயும் வேண்டும். லைனிங் இல்லாத கோட்டுக்கையைப் போட்டுக் கழற்றினால் சட்டைக் கை முழங்கை வரை சுருண்டு ஏறிவிடும். முதுகின் மேற்பகுதியில், தோள்பட்டை எலும்புகளின் மேல், துணி தேயாமல் காக்கிறது. அங்கே ஒரு சாண் அகலம் போதும். அதற்குக் கீழே, முதுகின் நடுவிலிருந்து அடிவரை, லைனிங்குக்கு வேலை எதுவும் இல்லை. உடம்பில் வியர்வை அதிகம் ஓடும் இடமும் அதுதான். அந்த இடத்தைத் திறந்து விடுவதைத்தான் பாதி லைனிங் என்கிறோம். தையல்காரர்களில் சிலர் இதைப் பட்டர்ஃபிளை லைனிங் என்பார்கள், மேலே இருக்கும் துண்டு வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் தெரிவதால்.

இதைச் சொன்னதும், "லைனிங் குறையுதே, கூலியும் குறையுமா?" என்று கேட்கத் தோன்றும். குறையாது, கூடும். காரணம் நியாயமானது. முழு லைனிங் போட்டால் உள்தையல் எப்படி இருந்தாலும் மறைந்துவிடும். பாதி லைனிங்கில் முதுகின் நடுத்தையலும் பக்கத் தையல்களும் வெளியே தெரியும். அவற்றின் ஓரங்களைக் குறுக்குவாட்டில் வெட்டிய லைனிங் பட்டையால் சுற்றிப் பைப்பிங் போட வேண்டும். வெறும் ஓவர்லாக் அடித்து விட்டால் நாலு தடவை போட்டதும் நூல் பிரியும், இழை சட்டையில் உரசும். தையல் ஓரத்துக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் துணி விட்டிருக்கிறார்களா என்பதும் பாதி லைனிங் கோட்டில் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். ஒரு தையல்காரரின் கை எப்படி என்று அறிய அவர் தைத்த பாதி லைனிங் கோட்டைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து லைனிங் எந்தத் துணி என்பது. மிகச் சிறந்தது க்யூப்ரோ. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்து ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனம் பெம்பெர்க் என்ற பெயரில் செய்வது. வழுக்கும், ஈரத்தை இழுக்கும், உடம்பில் ஒட்டாது. ஆனால் எல்லாத் தையல் கடையிலும் இருக்காது. விஸ்கோஸ் லைனிங் நம் கைக்கு எட்டும் நல்ல மாற்று, அதுவும் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் ஈரம் வாங்கும். கடைக்காரர் "இது ரேயான்தான்" என்று எடுத்துக் கொடுப்பதை நம்பிவிடாமல் இரண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். விஸ்கோஸும் க்யூப்ரோவும் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். உருகினால் பாலியெஸ்டர், திருப்பிக் கொடுங்கள். பளபளப்பை வைத்து எடை போடாதீர்கள், அதிகம் மின்னுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் சாட்டின்.

விஸ்கோஸிடம் இரண்டு குறைகள் உண்டு, இரண்டுக்கும் வழி உண்டு. நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதனால் அக்குளில் முதலில் கிழியும். கைக்குழியைச் சுற்றி லைனிங்கை இழுத்துப் பிடித்துத் தைக்காமல் கொஞ்சம் தொய்வு விட்டுக் கையால் தைக்கச் சொல்லுங்கள். அக்குளில் பிறை வடிவத்தில் இன்னொரு மடங்கு லைனிங் வைத்தால் நல்லது, கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். இரண்டாவது குறை, அது சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் தைத்த கோட்டை முதல் முறை ஆவித் தேய்ப்புக்குக் கொடுத்ததும் அடியோரம் உள்பக்கம் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். அப்படி இழுத்திருந்தால் துணியைக் குறை சொல்ல வேண்டாம், லைனிங் சுருங்கியிருக்கிறது. அடியோரத் தையலைப் பிரித்து லைனிங்கை இறக்கிவிட்டால் சரியாகும், அதற்குத்தான் அடியில் ஒரு சென்டிமீட்டர் மடிப்பு விட்டுத் தைப்பது.

லைனிங்குக்கும் துணிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கோட்டின் மார்பை நிமிர்த்தி வைக்கும் உள்துணி. சூடு வைத்து ஒட்டும் ஃப்யூசிங்கைத்தான் பலரும் போடுகிறார்கள். அதில் பசைப் புள்ளிகள் துணியின் ஓட்டைகளை மார்பு முழுவதும் அடைக்கின்றன. வியர்வையும் டிரைகிளீனிங்கும் பட்டுப் பட்டுப் பசை விட்டுப்போனால் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதைச் சரிசெய்யவே முடியாது. மார்பிலும் காலரின் மடிப்பிலும் மட்டும் கேன்வாஸை நூலால் தைத்து, கீழே வெறுமனே விடும் பாதி கேன்வாஸ் முறையே ட்ராபிக்கல் துணிக்கு ஏற்றது. தோள் பேட் மெல்லியதாகப் போதும். இவ்வளவுதான் இதில் கேட்க வேண்டியது.

ஒரு சூட்டின் கணக்கு

சேலையூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி எட்டு அங்குலம், நடுத்தர உடம்பு. வைகாசி நடுவில் முகூர்த்தம், முந்தின நாள் மாலை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. ஐந்து மணிக்கு வெளியே போட்டோ எடுக்க வேண்டும் என்று போட்டோகிராபர் சொல்லியிருக்கிறார்.

நிறம் அடர் நீலம். கறுப்பு வேண்டாம். ஐந்து மணி வெயிலில் அது அதிகம் சூடேறும், உப்புக் கறை வெளுத்துத் தெரியும், மேடை விளக்கில் மடிப்பு விவரம் எதுவும் படத்தில் வராது. மிக வெளிர் நிறமும் பாதி லைனிங்குக்கு ஒத்துவராது, முதுகுத் தையல்களின் நிழல் வெளியே தெரியும். துணி, சுத்தக் கம்பளி, சாதா நெசவு, மீட்டருக்கு 260 கிராம், மூன்றேகால் மீட்டர். தராசில் 845 கிராம் காட்டினால் சொன்ன எடை சரி. லைனிங் விஸ்கோஸ். முழு லைனிங்குக்கு இரண்டு மீட்டர் வரை ஆகும், பாதி லைனிங்குக்கும் பைப்பிங்குக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும். பேன்ட்டுக்குள் முன்பக்கம் முழங்கால் வரை அதே லைனிங் போடலாம், வியர்த்த தொடையில் துணி ஒட்டாமல் விழும். பாக்கெட் பைகள் பருத்தியில்.

பங்குனி முடிவதற்குள் துணி தையல்காரர் கையில் இருக்க வேண்டும். சித்திரை பிறந்தால் எல்லா மாஸ்டரின் மேசையிலும் துணி மலையாகக் கிடக்கும், பைப்பிங்கும் கைத்தையலும்தான் முதலில் விட்டுப்போகும். துணியை வெட்டுவதற்கு முன் ஆவி காட்டிச் சுருக்கியாக வேண்டும். முதல் ட்ரயலுக்குக் கச்சாத் தையலில், லைனிங் போடாமல் வரச் சொல்லுங்கள். அப்போது கைக்குழியைப் பாருங்கள். கைக்குழி இறங்கி இருந்தால் கை தூக்கும்போது கோட்டே மேலே ஏறும். அக்குளுக்கு நெருக்கமாக மேலே இருந்தால்தான் மாலை மாற்றும்போதும் கைகுலுக்கும்போதும் கோட்டு நகராமல் நிற்கும். மாப்பிள்ளைக் கோட் என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. உடம்புக்கும் கோட்டுக்கும் நடுவே காற்று நகர இடமே இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. பொத்தான் போட்ட பிறகு வயிற்றுக்கு நேரே ஒரு கை முஷ்டி உள்ளே போக வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் வென்ட் வையுங்கள். நடக்கும்போது காற்று மேலே ஏறும் வழி அதுதான், உட்காரும்போது துணி இழுபடாமலும் இருக்கும்.

இரண்டாம் ட்ரயல் லைனிங் போட்ட பிறகு. கோட்டைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். பைப்பிங் கண்ணில் படவேண்டும், அடியோர மடிப்பு தெரிய வேண்டும். முன்பக்கத்தில் கடைசிப் பொத்தானுக்குக் கீழே துணியையும் லைனிங்கையும் இரு விரல்களில் தனித்தனியாகப் பிடித்து விலக்குங்கள். துணி தன் சுபாவமான மெல்லிய பதத்தில் வந்தால் அங்கே ஃப்யூசிங் இல்லை. காகிதம்போல் விறைத்து இருந்தால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே போடுவது மெல்லிய பருத்திச் சட்டை, அதற்குள் கையில்லாத பருத்தி பனியன். சட்டையே பாலியெஸ்டர் கலப்பாக இருந்துவிட்டால் செலவு செய்த லைனிங்குக்கு வேலையே இல்லாமல் போகும்.

வாடகைக் கோட்டைப் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு மாலைக்கு அது செலவு மிச்சம், ஆனால் வாடகைக்கு விடுவது பலமுறை டிரைகிளீனிங்கைத் தாங்க வேண்டும் என்பதால் பாலியெஸ்டர் துணியும் முழு லைனிங்கும்தான் பெரும்பாலும் இருக்கும். ஏ.சி. நன்றாக வேலை செய்யும் மண்டபம் என்றால் எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

தினமும் கோட் போடுகிறவர்களும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் கோர்ட்டுக்குப் போகும் வழக்கறிஞர்கள். கோடைக்காலத்தில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர்த்த மற்ற நீதிமன்றங்களில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. மற்ற மாதங்களும் இங்கே குளிர்காலமல்ல. ரெடிமேடாகக் கிடைக்கும் கறுப்புக் கோட்டுகள் முழு பாலியெஸ்டர். ஒரே ஒரு முறை டெர்ரிவுல் சாதா நெசவில் பாதி லைனிங் வைத்து இரண்டு கோட் தைத்து, மாற்றி மாற்றிப் போட்டால் உடம்பும் தப்பும், கோட்டும் ஆண்டுகள் தாங்கும்.

போட்ட பிறகு

வரவேற்பு முடிந்ததும் கோட்டை அப்படியே கவரில் மாட்டி பீரோவுக்குள் வைப்பதுதான் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. கல்யாணச் சந்தடியில் யாருக்கும் நேரம் இருக்காது, அதனால் இதை முன்கூட்டியே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அகலத் தோள் உள்ள மரஹேங்கரில் மாட்டி, உட்புறம் வெளியே தெரியும்படி விரித்து, ஒரு ராத்திரி முழுக்க மின்விசிறியின் கீழே விட வேண்டும். வெயிலில் போடக்கூடாது. காலையில் அக்குள் லைனிங்கை ஈரத்துணியால் ஒற்றி உப்பை எடுத்துவிட்டு மீண்டும் காயவிடுங்கள். உப்பும் வியர்வையும் தங்கினால் லைனிங் மக்கும், கம்பளியைப் பூச்சி தேடி வரும். டிரைகிளீனிங் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். தேய்க்கும்போது கம்பளியின் மேல் நேரடியாக இஸ்திரி வைக்காமல் ஈரப் பருத்தித் துணி விரித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தேய்த்த இடம் பளபளக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சைதான் எதிரி. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் சுவரில் ஈரம் ஊறும் வீடுகளில் பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டியில் கோட்டைச் சுற்றித் தொங்கவிடுங்கள். மழை விட்ட ஒரு நாளில் எடுத்துக் காற்றாட விட்டால் போதும்.

தையல்காரரிடம் துணியைக் கொடுக்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள்: விஸ்கோஸ் லைனிங், முதுகு பாதி திறந்தது, உள்தையலுக்குப் பைப்பிங், பாதி கேன்வாஸ், பக்க வென்ட் இரண்டு, ட்ரயல் இரண்டு. முடிந்தால் லைனிங் துணியை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன லைனிங், முகூர்த்த நெரிசலில் கடையில் கைக்கு அகப்பட்ட பாலியெஸ்டராக மாறிவிடும்.